2.4 பதில் விகிதமும் பதிலளிக்காமையால் நேரக்கூடிய சாய்வும்

மூன்று மருத்துவமனைகளின் பணியாளர் பட்டியலில் இருந்த 1,200 செவிலியர்கள் அனைவருக்கும் மின்னஞ்சலில் வினாத்தாள் அனுப்பினோம். பின்னர் இருமுறை நினைவூட்டினோம். பணியிலிருந்து விலகியதாகவோ நீண்ட விடுப்பில் இருப்பதாகவோ உறுதியான 48 பேரை நீக்கியபின் எஞ்சியவர்கள் 1,152. மின்னஞ்சல் திரும்பி வந்த 36 பேர் இன்னும் பணியில் உள்ளனரா என்று அறிய முடியவில்லை. அவர்களை நீக்கினால் விகிதம் சற்று உயரும், நாங்கள் நீக்கவில்லை.

முழுமையாகப் பதிலளித்தவர்கள் 412 பேர். அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கத்தின் RR1 வாய்பாட்டின்படி பதில் விகிதம் 35.8%. பாதியில் நிறுத்திய 41 பேரையும் சேர்த்தால் (RR2) 39.3%. இணைப்பைத் திறந்த 521 பேரில் 79.1% பேர் வினாத்தாளை முடித்தனர் என்பது உண்மையே. ஆனால் அது நிறைவு விகிதம். பதில் விகிதமாக அதை எங்கும் குறிப்பிடவில்லை.

பதிலளிக்காத எவரது தூக்கத்தைப் பற்றியும் எங்களிடம் தரவு இல்லை. பணிமுறை மட்டும் பட்டியலில் எல்லோருக்கும் பதிவாகியிருந்தது. அழைக்கப்பட்டோரில் 46.0% பேர் சுழற்சி இரவுப்பணியில் உள்ளவர்கள், பதிலளித்தோரிலோ 36.9% மட்டுமே. இரவுப்பணியாளரின் பதில் விகிதம் 28.7%, மற்றவர்களுடையது 41.8%. பாதியில் நிறுத்திய 41 பேரிலும் 24 பேர் இரவுப்பணியினர். தூக்கம் பற்றிய வினாக்கள் வினாத்தாளின் இறுதியில் இருந்ததால், இவர்கள் முதன்மைப் பகுப்பாய்வில் இடம்பெறவில்லை.

பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலில் (0–21, மதிப்பெண் கூடினால் தூக்கம் மோசம்) முதல் அழைப்பிலேயே பதிலளித்த 231 பேரின் சராசரி 6.8. முதல் நினைவூட்டலுக்குப் பின் பதிலளித்த 112 பேருக்கு அது 7.3, இறுதி நினைவூட்டலுக்குப் பின் வந்த 69 பேருக்கு 8.0. தாமதமாகப் பதிலளிப்பவர் பதிலளிக்காதவரை ஒத்திருப்பார் என்பது ஓர் அனுமானமே. அதை ஏற்றால், மொத்தச் சராசரி 7.1 அல்ல, 7.7 ஆக இருந்திருக்கும்.

பணிமுறைக்கேற்ப எடையிட்டபோது சராசரி 7.3 ஆனது. முடிவுகள் பகுதியில் எடையிட்ட, எடையிடாத மதிப்புகள் இரண்டையும் தருகிறோம். இந்த எடை பணிமுறை வேறுபாட்டை மட்டுமே சரிசெய்கிறது. ஒரே பணிமுறைக்குள் களைப்பு மிகுந்தவர்கள் வினாத்தாளைத் தவிர்த்திருந்தால் அதற்கு இது உதவாது.

மேற்கண்டவை எல்லாம் தூக்கக் குறைபாட்டை நாங்கள் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்றே காட்டுகின்றன. எனினும் அழைப்பு மின்னஞ்சலின் தலைப்பிலேயே ‘தூக்கம்’ என்ற சொல் இருந்தது. தூக்கச் சிக்கல் உள்ளவர்களை அது கூடுதலாக ஈர்த்திருந்தால் சாய்வு எதிர்த்திசையில் அமைந்திருக்கும். இவ்விரண்டில் எது வலுவானது என்று இத்தரவால் பிரித்தறிய இயலாது. எனவே செவிலியரிடையே மோசமான தூக்கம் எத்தனை விழுக்காடு என்ற மதிப்பீடு எதையும் இக்கட்டுரையில் தரவில்லை. பணிமுறைக்கும் தூக்கத் தரத்துக்கும் உள்ள தொடர்பை மட்டும் ஆராய்கிறோம். பதிலளித்தல் இவ்விரண்டையும் சார்ந்திருந்தால் அத்தொடர்பும் திரிந்திருக்கக்கூடும்.