வருமானவரி நோட்டீஸுக்கு பதில் கடிதம்: நேர்ல கூப்பிட்டு விசாரிக்கணும்னு வேண்டுகோள்

மும்பை, 13.3.2025

அனுப்புறது: முருகேசன், இட்லி வியாபாரம், 90 அடி ரோடு, தாராவி, மும்பை 400017

பெறுபவர்: அசெஸிங் ஆபீசர், வருமானவரி ஆபீஸ், மும்பை

விஷயம்: 3.3.2025 தேதி போட்டு செக்ஷன் 148ஏ(1)ல வந்த நோட்டீஸ், அசெஸ்மென்ட் வருஷம் 2022-23, சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ரொக்கமா போட்ட 18,46,500 ரூபாய் பத்தி

வணக்கம் சார்,

நான் ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன், தமிழ்லதான் எழுத வரும், அதனால என் மனசுல இருக்கறத தமிழ்லயே எழுதிட்டேன். பி.காம் படிக்கற என் சின்ன பொண்ணு இத அப்படியே இங்கிலீஷ்ல மாத்தி ரெண்டையும் சேர்த்து போர்ட்டல்ல ஏத்துவா. என் பான் நம்பரும் நோட்டீஸோட டின் நம்பரும் இதோட வெச்சிருக்கற நோட்டீஸ் காப்பியில இருக்கு. போர்ட்டல்ல குடுத்த மெயில் ஐடி என்னோடது இல்ல, பான் கார்டு எடுத்துக் குடுத்த கடைக்காரரோடது, அதனால 9ம் தேதிதான் பொண்ணு போர்ட்டல திறந்து பார்த்து எனக்கு சொன்னா. நீங்க குடுத்த கெடு 17ம் தேதி, அதுக்குள்ள பதில் குடுத்துடணும்னு நாலு நாளா உக்காந்து பழைய நோட்டெல்லாம் பொரட்டி இத எழுதறேன்.

நோட்டீஸ்ல என்ன சொல்லியிருக்கீங்கன்னா 2021 ஏப்ரல்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் என் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல 18,46,500 ரூபாய் ரொக்கமா போட்டிருக்கேன், ரிட்டர்ன் போடல, அதனால இது வரிக்குத் தப்பின வருமானமா தெரியுதுன்னு. பணம் போட்டது நெஜம் சார், அத நான் மறுக்கல. ஆனா அந்த 18 லட்சமும் என் சம்பாத்தியம் இல்ல. மூணு விதமான பணம் அது, மூணையும் தனித்தனியா சொல்றேன், தயவுபண்ணி முழுசா படிச்சுப் பாருங்க.

முதல்ல 9,72,000 ரூபாய், இது என் இட்லி வித்த காசு. திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்து 26 வருஷமா இங்க இதேதான் தொழில். ராத்திரி மாவு ஆட்டி, விடியக்காலைல 3 மணிக்கு அடுப்பு பத்த வெச்சு, 6 மணிக்கெல்லாம் சைக்கிள்ல கட்டிக்கிட்டு கிளம்பிடுவோம், நானும் வேலைக்கு வெச்சிருக்கற ரெண்டு பசங்களும். நாலு இட்லி 20 ரூபாய், சட்னி சாம்பாரோட. அந்த வருஷம் ஏப்ரல் பாதியில இருந்து ஜூன் வரைக்கும் கொரோனா ரெண்டாவது அலை, ஆபீஸெல்லாம் அடைப்பு, பாதி வியாபாரம்கூட இல்ல. மொத்த வருஷத்துக்கும் சேர்த்து நோட்டுக் கணக்குப்படி 11,40,000 ரூபாய்க்கு வித்திருக்கேன், அதுல கையில செலவானது போக பேங்க்ல போட்டதுதான் இந்த 9,72,000.

இப்ப செலவையும் பாருங்க சார். அரிசி உளுந்து 3,83,500, தேங்காய் பருப்பு எண்ணெய் காய்கறி 2,04,000, கேஸ் சிலிண்டர் 1,38,000, பசங்க ரெண்டு பேர் சம்பளம் 1,56,000, மாவு ஆட்டற ரூம் வாடகை 48,000. இதெல்லாம் போக எனக்கு நின்னது 2,10,500 ரூபாய். பேங்க் வட்டி 4,180 சேர்த்தாலும் 2,14,680தான் வருது. அந்த வருஷம் 2,50,000 வரைக்கும் வரி கிடையாதுன்றதால ரிட்டர்ன் போடணும்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் போடல. செக்ஷன் 44ஏடிபடி சின்ன வியாபாரிக்கு ரொக்க விற்பனையில 8 சதவீதம் லாபம்னு எடுத்துக்கலாமாம், அப்படிப் பார்த்தா 91,200தான் வரும். நான் அந்தக் கணக்க சொல்லி கம்மியா காட்ட வரல சார், உண்மையில நின்ன 2,10,500ஐத்தான் சொல்றேன்.

ரெண்டாவது 5,74,500 ரூபாய். இதுதான் உங்களுக்கு சந்தேகம் வரக்கூடிய இடம்னு எனக்கே தெரியும், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். எங்க லைன்ல இட்லி போடறவங்க நாங்க அஞ்சு பேர் சேர்ந்து அரிசி உளுந்து வாங்குவோம். தாராவி கடையில சில்லறையா வாங்கினா கட்டுப்படியாகாது, வாஷி ஏபிஎம்சி மார்க்கெட்ல மூட்டைக் கணக்குல எடுத்தா கிலோவுக்கு நாலஞ்சு ரூபாய் மிச்சமாகும், டெம்போ வாடகையையும் அஞ்சா பிரிச்சுக்கலாம். ஆனா அங்க இருக்கற சேட் கடனுக்கு தரமாட்டார், பேங்க்ல பணம் விழுந்தாதான் லோடு ஏத்துவார். மத்த நாலு பேர்ல ரெண்டு பேருக்கு அப்ப பேங்க் அக்கவுண்டே ஒழுங்கா ஓடல, எனக்குத்தான் செக் புக்கும் இருந்தது, பொண்ணு மொபைல்ல அனுப்பவும் கத்து வெச்சிருந்தா, அதனால எல்லாரும் அவங்க பங்கை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் கையில குடுப்பாங்க, நான் திங்கக்கிழமை பேங்க்ல கட்டுவேன், செவ்வாய் புதன்ல சேட்டுக்கு நெஃப்ட் போயிடும். அந்த வருஷம் சேட் கணக்குக்கு என் அக்கவுண்ட்ல இருந்து போனது மொத்தம் 9,58,000. அதுல என் சரக்கு 3,83,500 (நாளுக்கு சுமாரா 18 கிலோ அரிசி, 5 கிலோ உளுந்து ஆட்டுவோம்), மீதி 5,74,500 அவங்க நாலு பேரோடது. பணம் உள்ள வந்த ரெண்டு நாள்ல வெளிய போயிருக்கறது ஸ்டேட்மெண்ட்ல வரிசையா தெரியும். யாருக்கு எத்தன மூட்டை, யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு ஒரு நீல அட்டை நோட்டு வெச்சிருக்கேன், ஒவ்வொரு வரிக்கும் அவங்க கையெழுத்து இருக்கு, ஒருத்தர் மட்டும் கைநாட்டு. இதுல நான் ஒரு பைசா கமிஷன் எடுத்ததில்ல. ஒரே ஊர்ப்பக்கத்துல இருந்து வந்து ஒரே சந்துல அடுப்பு வெச்சிருக்கோம், அவங்ககிட்ட எப்படி சார் கமிஷன் வாங்கறது?

பில்லெல்லாம் ஏன் என் பேர்லயே இருக்குன்னு கேப்பீங்க. ஆர்டர் என் பேர்ல போகுது, பணமும் என் அக்கவுண்ட்ல இருந்து போகுது, அதனால சேட் என் பேர் போட்டே பில் எழுதிட்டார். அப்பவே ஆளாளுக்கு தனி பில் கேட்டிருக்கணும், வியாபாரத்துக்குன்னு தனியா ஒரு கரண்ட் அக்கவுண்டும் திறந்திருக்கணும். அது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அது வருமானத்த மறைச்ச தப்பு இல்ல சார்.

மூணாவது 3,00,000 ரூபாய், இது என் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு சேர்த்தது. அவ ஸ்கூல் போற காலத்துல இருந்து எஃப்டியில போட்டு வெச்சிருந்தத 22.3.2021ல முடிச்சு, 24ம் தேதி ஒன்றரை லட்சம், 30ம் தேதி ஒன்றரை லட்சம்னு ரொக்கமா எடுத்தேன். ஏப்ரல் 25ல ஊர்ல கல்யாணம் வெச்சிருந்தோம், மண்டபம் பந்தி எல்லாத்துக்கும் ரொக்கமாத்தான் கேட்டாங்க. அதுக்குள்ள இங்க ஊரடங்கு, அங்கயும் கட்டுப்பாடு, கல்யாணம் தள்ளிப்போச்சு. தாராவியில பத்துக்குப் பத்து ரூம்ல மூணு லட்சத்த வெச்சுக்கிட்டு எப்படி தூங்கறது, அதனால 6.5.2021ல அதே பேங்க் அதே கிளையில திருப்பிக் கட்டிட்டேன். எடுத்ததும் போட்டதும் ஒரே பாஸ்புக்ல இருக்கு. இது புது வருமானம் இல்ல, என் பழைய சேமிப்பு வெளிய போயிட்டு திரும்ப வந்தது.

9,72,000, 5,74,500, 3,00,000, இந்த மூணையும் கூட்டினா நீங்க சொல்ற 18,46,500 சரியா வந்துடும்.

சார், என் பயம் என்னன்னா, பேங்க் அனுப்பின SFT-004 தகவல்ல மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். ஒரு வருஷத்துல பத்து லட்சமோ அதுக்கு மேலயோ சேவிங்ஸ்ல ரொக்கம் விழுந்தா பேங்க் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், அது அவங்க கடமை, தப்பு சொல்லல. ஆனா அந்த ஒரு எண்ணுல அது இட்லி காசா அரிசி காசா கல்யாணக் காசான்னு தெரியாது. கணக்குக் காட்டாத பணம்னு வரி போடற செக்ஷன் 69ஏ, 115பிபிஇ ரெண்டும் சேர்ந்தா சர்சார்ஜ் செஸ்ஸோட 78 சதவீதம் ஆகுமாம். பொண்ணு கணக்கு போட்டு காமிச்சா, 14,40,270 ரூபாய் வருது. நான் ஆறு வருஷம் சாப்பிடாம சம்பாதிச்சாகூட அவ்வளவு சேராது சார், மூணு ராத்திரியா வீட்ல யாரும் தூங்கல.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். செக்ஷன் 148ஏலயே சம்பந்தப்பட்ட ஆளுக்கு தன் பக்கத்த சொல்ல வாய்ப்பு குடுக்கணும்னு இருக்கு. எனக்கு அத பேப்பர் வழியா மட்டும் இல்லாம நேர்லயும் குடுங்க, நேர்ல முடியாதுன்னா வீடியோலயாவது. கூட என் சின்ன பொண்ணு வரட்டும், எனக்கு இந்தி பேச வரும் ஆனா கணக்கு வார்த்தையெல்லாம் அவ சொன்னாத்தான் புரியும். நீல நோட்டோட ஒரிஜினல கொண்டு வரேன், போட்டோல கைநாட்டு சரியா தெரியல. அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் இங்கயே இருக்காங்க, எந்த நாள் சொன்னாலும் வந்து சொல்றதா எழுதிக் குடுத்திருக்காங்க, அதுவும் இதோட இருக்கு. மத்த ரெண்டு பேர் ஊருக்குப் போயிட்டாங்க, போன்ல பேசத் தயார். வாஷி சேட்டுக்கும் நீங்களே கடிதம் போட்டு லெட்ஜர் கேட்டு வாங்கிப் பாருங்க, அவர் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகும்.

இன்னொன்னு, உங்ககிட்ட பேங்க் தகவல் தவிர வேற ஏதாவது இருந்தா, யாராவது ஏதாவது சொல்லியிருந்தா, அதோட காப்பிய எனக்கு குடுங்க, தேதிவாரி விவரமும் வேணும். காட்டாத ஆதாரத்த வெச்சு ஒருத்தர் மேல முடிவெடுக்கக் கூடாதுன்னு 1980ல கிஷின்சந்த் செல்லாராம் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கறதா பொண்ணோட காலேஜ் சார் எடுத்துக் குடுத்தார். அதுவும் மெட்ராஸ்ல இருந்து பம்பாய்க்கு பேங்க் வழியா வந்த 1,07,350 ரூபாய் பத்தினதுதான், பேங்க் மேனேஜர் எழுதின லெட்டர அந்த ஆளுக்கு காட்டாமலே அது அவரோட மறைச்ச வருமானம்னு முடிவு பண்ணிட்டாங்க, அது செல்லாதுன்னு தீர்ப்பு. சட்டம் பேசி உங்கள எதிர்க்கணும்னு இத எழுதல சார், என்கிட்ட என்ன கேக்கப்போறீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா அதுக்கான பேப்பர தேடி எடுத்துட்டு வருவேன், அவ்வளவுதான்.

பேங்க்ல 2020-21, 2021-22 ரெண்டு வருஷ ஸ்டேட்மெண்டும் சீல் போட்டு கேட்டிருக்கேன், வர ஒரு வாரம் ஆகும்னாங்க. இப்போதைக்கு பாஸ்புக் நகல், எஃப்டி முடிச்ச ரசீது, சேட் பில் 23, நீல நோட்டு பக்கங்கள், பழைய கல்யாணப் பத்திரிகை, ரெண்டு பேர் எழுதிக் குடுத்தது எல்லாம் இணைச்சிருக்கேன். சீல் போட்டது வந்ததும் ஏத்திடறோம், அதுக்கு 15 நாள் அவகாசம் குடுங்க.

எல்லாத்தையும் பார்த்த பிறகு, அந்த வருஷக் கணக்க மறுபடி திறக்கற 148 நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்னு இத முடிச்சுக் குடுக்கணும்னு கேட்டுக்கறேன். அப்பவும் ஏதாவது தொகைய ஏத்துக்க முடியலன்னா எந்தத் தொகை, ஏன் ஏத்துக்கலன்னு ஆர்டர்ல தெளிவா எழுதுங்க. எனக்கு வரி வருதுன்னு நியாயமா கணக்கு வந்தா தவணையிலயாவது கட்டுவேன்.

காலைல 11 மணி வரைக்கும் சைக்கிள்ல இருப்பேன், போன் அடிக்கறது கேக்காது. அதுக்கு மேல எப்ப கூப்பிட்டாலும் எடுப்பேன், விசாரணைக்கு வரச் சொல்ற அன்னைக்கு வியாபாரத்துக்கு லீவு விட்டுட்டு வந்துடறேன்.

இப்படிக்கு,
முருகேசன்
தாராவி, மும்பை