கட்டை அச்சுப் பருத்தி குஷன் உறை, உள் குஷனுடன்: மாங்காய்க் கொடி, சிவப்பும் கறுப்பும், 16 × 16 அங்குலம்

இந்த உறையின் துணி ஆந்திர மாநிலம் பெடனாவில் அச்சிடப்பட்டு, சென்னை திருவான்மியூரில் உள்ள எங்கள் தையற்கூடத்தில் வெட்டித் தைக்கப்படுகிறது. ஒரு உறையும் அதற்குள் வைக்க வேண்டிய ஒரு உள் குஷனும் சேர்ந்தே 890 ரூபாய். குஷனைத் தனியாக வாங்க வேண்டியதில்லை.

துணி முழுவதும் பருத்தியே. பாவிலும் ஊடையிலும் 20-ஆம் நம்பர் நூல் ஓடுகிறது. அதாவது, ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் 20 வரும் கனம். அங்குலத்துக்குப் பாவில் 60, ஊடையில் 56 இழைகள் இருப்பதால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிராம் எடை வருகிறது. புடவைக்கு எடுக்கும் 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூலில் அச்சு இன்னும் கூர்மையாக விழும் என்பது உண்மைதான், ஆனால் தினமும் சாய்ந்து உட்காரும் சோபாவில் அந்த மெல்லிய துணி ஒரு வருடம்கூடத் தாங்காது என்பது எங்கள் அனுபவம். தையலுக்குப் பாலியஸ்டர் நூலையே பயன்படுத்துகிறோம். பருத்தித் தையல்நூல் சலவையில் சுருங்கி ஓரத்தைச் சுருக்கு விழ இழுப்பதைப் பார்த்த பிறகு செய்த மாற்றம் இது. உள் ஓரங்கள் அனைத்தும் ஓவர்லாக் செய்யப்பட்டவை. ஜிப் கீழ் ஓரத்தில் துணி மடிப்புக்குள் மறைந்திருக்கும். அதன் நீளம் 14 அங்குலம் என்பதால் குஷனை மடக்கித் திணிக்காமலே உள்ளே நுழைக்கலாம்.

உறையின் அளவு 16 × 16 அங்குலம், ஏறக்குறைய 40 × 40 சென்டிமீட்டர். வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்து, சுருங்கவிட்டு, உலர்த்திவிடுவதால், இது சுருங்கியதற்குப் பிந்தைய அளவு. உள் குஷன் வேண்டுமென்றே 18 × 18 அங்குலத்தில் இருக்கிறது. உறையும் குஷனும் ஒரே அளவில் இருந்தால் நான்கு மூலைகளும் தொய்ந்து, நடுவில் மட்டும் பந்து போல உப்பி நிற்கும். இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் மூலைவரை நிறைந்து, அச்சில் உள்ள ஓரக் கொடி நேராகத் தெரியும். குஷனில் 450 கிராம் பாலியஸ்டர் நார் வெள்ளைப் பருத்திப் பைக்குள் அடைத்துத் தைக்கப்பட்டுள்ளது. இலவம் பஞ்சு கேட்பவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் நனைந்தால் கட்டி தட்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னை வீடுகளில் அதை உலர்த்தி எடுப்பது கடினம். பார்சலில் காற்று நீக்கித் தட்டையாக வரும் குஷனைப் பிரித்துத் தட்டி, ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு, பிறகு உறைக்குள் போடுங்கள்.

இனி சாயம். வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியே சாயம் போகுமா என்பதுதான். அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இந்த உறையில் உள்ள மூன்று நிறங்களும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. துணி முதலில் கடுக்காய்க் கரைசலில் தோய்க்கப்படுகிறது. அடித்தளமாகத் தெரியும் வெளிர்மஞ்சள் அதனால் வந்தது. கறுப்புக் கோடுகள் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறப்போட்டு எடுக்கும் கரைசலால் அச்சிடப்படுகின்றன. அந்த இரும்பு கடுக்காயின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து துணியிலேயே கறுப்பாகிறது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரம் அச்சிடப்பட்டு, பின்னர் துணி முழுவதும் அலிசரின் சாயத்தில் கொதிக்கவைக்கப்படும்போது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றி நிற்கிறது. ஒரு காலத்தில் இதே சிவப்பைச் சோழமண்டலக் கரையில் விளைந்த சாயவேரிலிருந்து எடுத்தார்கள். இந்த உறையில் இருப்பது சாயவேர் அல்ல, ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் அலிசரின் என்பதால், இதை முழு இயற்கைச் சாயம் என்று நாங்கள் விற்கவில்லை.

இதே அச்சில் உள்ள ஒரு உறையோடு வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்து, எங்கள் கூடத்தில் 10 முறை துவைத்துப் பார்த்தோம். முதல் நீர் தேநீர் நிறத்தில் இறங்கியது, வெள்ளைத் துண்டிலும் லேசான மஞ்சள் ஏறியது. அது கடுக்காயின் மீதி. இரண்டாம் நீர் வெளிறிவிட்டது, மூன்றாவதிலிருந்து தெளிவாகவே வந்தது. சிவப்போ கறுப்போ வெள்ளைத் துண்டில் ஒட்டவில்லை. பத்தாவது சலவைக்குப் பின் துவைக்காத உறையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கறுப்பில் வேறுபாடு தெரியவில்லை. சிவப்பு ஒரு சாயல் மென்மையாகியிருந்தது. அடித்தளம் மஞ்சளிலிருந்து வெண்மையை நோக்கி நன்றாகவே நகர்ந்திருந்தது. இது எங்கள் கூடத்தில் செய்த சோதனைதான், ஆய்வகச் சான்று அல்ல. ஆகவே, முதல் இரண்டு சலவைகளில் இதைத் தனியாகவே, குளிர்ந்த நீரில், உட்புறத்தை வெளியே திருப்பித் துவைக்க வேண்டும். துவைத்ததும் ஈரத்தோடு வாளியில் மடித்து வைத்துவிட வேண்டாம்.

மூன்று பொருள்கள் இந்தச் சாயத்துக்கு ஆகாதவை. பிளீச்சிங் பவுடர் எல்லா நிறத்தையும் எடுத்துவிடும். சலவை சோடா கலந்த தூள் சிவப்பை மங்கச்செய்யும். கறையைப் போக்க எலுமிச்சைச் சாறு தேய்த்தால் அந்த இடத்தில் கறுப்புக் கோடு வெளிறி, பழுப்புத் தடமாக நின்றுவிடும். இவற்றைவிட முக்கியமான ஒன்றைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு வேளச்சேரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அம்மா, துவைத்த உறையில் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்துவிட்டன என்று அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். சாயம் கலங்கிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். உறையைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால், புள்ளிகள் அச்சின் அருகே இல்லை. அச்சே இல்லாத பின்பக்கத்தில், மிளகளவில், சிதறிக் கிடந்தன. அவர் வீட்டில் போர் தண்ணீர், அதில் இரும்பு அதிகம். துணியில் தங்கியிருந்த கடுக்காயோடு அது சேர்ந்து, கறுப்பு அச்சு உண்டாகும் அதே முறையில் புள்ளிகளை உண்டாக்கியிருக்கிறது. அன்றே இந்த எச்சரிக்கையை எழுதியிருக்க வேண்டியது எங்கள் கடமை. அதனால் வேறு உறை கொடுத்தோம். வாளியில் பிடித்துவைத்த போர் தண்ணீர் பழுப்பாக மாறுகிறது என்றால், முதல் இரண்டு சலவைகளுக்கு மெட்ரோ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். துருப்பிடித்த கம்பியில் உலர்த்தவும் வேண்டாம்.

உலர்த்துவது நிழலில்தான். தண்ணீரைக் காட்டிலும் மொட்டைமாடி வெயில்தான் அலிசரின் சிவப்பை விரைவில் வெளிறவைக்கும், தினமும் நேர்வெயில் விழும் பால்கனி ஊஞ்சலுக்கு இந்த உறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இஸ்திரியை உட்புறத்தில் போடுங்கள்.

முன்பக்கத்தில் நான்கு அங்குல மாங்காய் அச்சு மூன்று வரிசையாக ஒன்பது முறை விழுந்திருக்கும். சுற்றிலும் இரண்டு அங்குலக் கொடி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை என்பதால், சில இடங்களில் சிவப்பு கறுப்புக் கோட்டை ஒரு நூலிழை தாண்டியிருக்கும், கொடி மூலையில் திரும்பும் இடத்தில் இரண்டு அச்சுகளின் இணைப்பு தெரியும். இவற்றைக் குறையாகக் கருதித் திரும்ப எடுப்பதில்லை. தையல் விட்டுப்போனாலோ, ஜிப் சிக்கினாலோ, மேலே சொன்னபடி துவைத்தும் சிவப்போ கறுப்போ பிற துணியில் ஒட்டினாலோ, உறை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். சென்னைக்குள் எங்கள் ஆளே வந்து வாங்கிக்கொண்டு வேறு உறை தருவார்.