பிறை தெரியாத இரவு

மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய மழை, ஏழு மணிக்குச் சாரலாகக் குறைந்தபோது, தோட்டத்து எழுத்தரான கிராணி முத்தையா அலுவலகத்தின் முன்படிக்கட்டில் நின்று மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பனை ஓலைகளுக்கு மேலே வானம் முழுவதும் ஈயத்தகடு போல ஒரே நிறத்தில் கிடந்தது. அன்று ரமலான் மாதத்தின் 29ஆம் நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் நோன்புப் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. சூரியன் மறைந்து அரை மணி நேரம்கூட நிற்காத மெல்லிய கீற்றைத் தேட, அந்த வானத்தில் ஒரு விரற்கடை இடமும் திறக்கவில்லை.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா நகரத்திலிருந்து 11 கிலோமீட்டர் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தில், இடி விழுந்ததில் மின்சாரம் ஐந்தரைக்கே போய்விட்டது. சிறிது நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் செத்துப்போனது. அலுவலகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பெருநாள் நாளை மறுநாள் என்று சிவப்பில் அச்சாகியிருந்தது, அதன் கீழே "மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற சிறிய எழுத்தும் இருந்தது. மேலாளர் மதியமே நகரத்துக்குக் கிளம்பும்போது, "நாட்காட்டிப்படி நாளை வேலை நாள்தான் கிராணி, விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள்களைக் கூப்பிட்டு விடுங்கள், காலையில் லாரி ஆலைக்குப் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தச் சொல்லின்படி ஓர் அறிவிப்பை எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வானம் மூடிக் கிடந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். லயத்து வாசல்களில் நின்றவர்கள், "பிறை இல்லை, நாளைக்கு வேலை" என்று தங்களுக்குள் முடிவும் செய்திருந்தார்கள். மூன்றாம் லயத்து முனியாண்டி அரிவாள் கம்பத்தைத் துடைத்துச் சுவரில் சாய்த்தே வைத்துவிட்டார்.

முத்தையாவால் அப்படி எழுத முடியவில்லை. பேனாவைக் கையில் எடுத்ததும், 35 ஆண்டுகளுக்கு முன்பு தாம் எழுதிய ஓர் அறிவிப்பு அவருக்கு நினைவுக்கு வந்தது.

அப்போது தோட்டம் முழுவதும் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். அவர் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இதைப்போலவே மழை, இதைப்போலவே மூடிய வானம். ஆற்றுக்கு அப்பால் இருந்த பிரிவில் நான்கே நான்கு முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. வானொலியின் பேட்டரி தீர்ந்திருந்ததைப் பெரிதாக எண்ணாமல், தம் கண்ணுக்குப் பிறை தெரியவில்லை என்பதையே போதுமானதாகக் கொண்டு, இளம் கிராணி முத்தையா "நாளை வழக்கம்போல் வேலை" என்று எழுதி அனுப்பினார். காலை ஒன்பது மணிக்குச் சைக்கிளில் வந்த தபால்காரர்தான், நகரத்துப் பள்ளிவாசலில் பெருநாள் தொழுகை முடிந்துவிட்டது என்று சொன்னார். முத்தையா ஓடினார். நாற்பத்தைந்தாம் நிரையில் காதர் மாமா உளியை மரத்தில் வைத்துப் பட்டை சீவிக்கொண்டிருந்தார், உதடு வறண்டு, நோன்போடு. செய்தியைக் கேட்டதும் அவர் உளியைக் கீழே வைத்தார். பெருநாளன்று நோன்பு வைப்பது விலக்கப்பட்டது என்பதை முத்தையா அன்றுதான் அறிந்தார். மாமா பால் வாளிக்கு அருகில் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். விரல்களில் காய்ந்திருந்த பால் புட்டியில் ஒட்டிக்கொண்டது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "இப்போது திறந்துவிட்டேன் தம்பி, நீ அழாதே" என்றார். தொழுகை போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று முத்தையா பிற்பாடு பலமுறை நினைத்தார்.

காதர் மாமா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மகன் இப்ராஹிம் இப்போது தோட்டத்து லாரி ஓட்டுகிறார்.

முத்தையா குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது, வாசல் திண்ணையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆயிஷா அக்கா பேரீச்சம்பழத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நோன்பு திறந்த கஞ்சியின் மணம் இன்னும் போகவில்லை.

"கிராணித் தம்பியா? உள்ளே வாங்க. பிறை என்னாச்சு, ஒன்றும் தெரியலையே."

"நமக்குத் தெரியலை அக்கா. ஆனா நம் தலைக்கு மேல் இருக்கிற மேகம் நாடு முழுக்க இருக்கும்னு சொல்ல முடியாது. கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி மேலே நின்று பார்க்கிறார்கள், போர்ட்டிக்சன் பக்கம் தெலுக் கெமாங்கில் பார்க்கிறார்கள். எங்கேயாவது ஓரிடத்தில் வானம் விட்டிருந்தால் போதும்."

இப்ராஹிம் உள்ளேயிருந்து வந்து நின்றார். "நாட்காட்டி நாளை மறுநாள்னுதானே சொல்லுது மாமா?"

"2022இலும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மே 3ன்னு எல்லாரும் இருந்தோம், முதல் நாள் இரவு திடீரென்று மே 2ன்னு அறிவித்தார்கள். கணக்கில் பிறை அடிவானத்திலிருந்து மூன்று பாகை உயரமாவது இருக்கணும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியிருக்கணும் என்கிறார்கள். அந்த அளவை ஒட்டி வருகிற ஆண்டில் கடைசி வரை எதுவும் சொல்ல முடியாது."

அவர் பேசி முடிக்கும்முன் இப்ராஹிம் மோட்டார் சைக்கிள் சாவியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்.

ஆயிஷா அக்கா மடியிலிருந்து நான்காக மடித்த ரிங்கிட் தாளை மகன் கையில் வைத்தார். "நாளைக்குக் கொடுக்கலாம்னு ஃபித்ராவைக் கட்டாமல் வைத்திருக்கேன். பெருநாள்ன்னு ஆகிவிட்டால் தொழுகைக்கு முன்னாடி போய்ச் சேரணும். பள்ளிவாசலில் ஃபித்ரா வாங்குகிற ஆமில் உட்கார்ந்திருந்தா கட்டிவிட்டு வா."

பாதையில் ஓலைகளும் முறிந்த கிளைகளும் கிடந்ததால், 11 கிலோமீட்டரைக் கடக்க நாற்பது நிமிடம் பிடித்தது. நகரத்து எல்லையில் விளக்குகள் தெரிந்தன. அங்கே மின்சாரம் திரும்பியிருந்தது. இன்னும் அரை கிலோமீட்டர் இருக்கும்போதே, இரவுத் தொழுகை நடந்துகொண்டிருக்க வேண்டிய பள்ளிவாசலிலிருந்து தக்பீர் முழக்கம் காற்றில் வந்தது. இப்ராஹிம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சிறிது நேரம் கேட்டார்.

"பெருநாள்தான் மாமா."

"எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. ஆனாலும் அறிவிப்பை நான் என் காதால் கேட்கணும் தம்பி. நான் போய்ச் சொல்லப்போவது நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம்."

இதை வீண் பிடிவாதம் என்று யாராவது நினைக்கலாம். ஒருமுறை தம் சொல்லால் ஒருவருடைய பெருநாள் தொழுகையைப் போக்கியவருக்கு, அது பிடிவாதம் அல்ல.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த உணவுக் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஒலியைக் கூட்டினார். ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் அமர்ந்து வாசித்த அறிவிப்பை மறுபடியும் ஒளிபரப்பினார்கள். மாமன்னரின் ஆணைப்படியும் மாநில ஆட்சியாளர்களின் இசைவோடும், நாளை நோன்புப் பெருநாள். முத்தையா சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, நாளையும் கிழமையையும் கேட்ட நேரத்தையும் எழுதிக்கொண்டார்.

மேலாளருக்குத் தொலைபேசியில் சொல்வது எளிதாக இருந்தது. அவரும் அப்போதுதான் கேட்டிருந்தார். இன்று வெட்டிச் சாலையோரம் கிடந்த குலைகள் மட்டுமே அவருக்குக் கவலை. அதிக நேரம் கிடந்தால் எண்ணெயின் தரம் போய்விடும். விரும்பி முன்வருகிற மற்ற தொழிலாளர்களைக் கொண்டு மட்டும், பொது விடுமுறை நாளுக்குச் சட்டம் சொல்கிற கூடுதல் கூலியோடு அவற்றை ஏற்றிக்கொள்ளலாம் என்று முத்தையா சொன்னதற்கு அவர் ஒப்புக்கொண்டார். இப்ராஹிமை ஓட்டச் சொல்லக்கூடாது என்பதை முத்தையா இரண்டாம் முறையும் சொல்லி, அதையும் நோட்டில் எழுதினார்.

அவர்கள் திரும்பி வந்தபோது மணி பத்தேகால். லயங்கள் இருட்டில் கிடந்தன, பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்த சைரன் மின்சாரம் இல்லாமல் பயன்படாது, வீடுவீடாகத் தட்டினால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த கொங்சியின் கடைசி அறைக்குப் போய்ச்சேர நள்ளிரவு ஆகிவிடும். அப்போது முனியாண்டிதான் எழுந்து வந்து, மாரியம்மன் கோயிலில் தேர் ஊர்வலத்துக்கு வைத்திருக்கிற ஒலிபெருக்கி பேட்டரியில் ஓடும் என்று நினைவூட்டினார். கோயில் தலைவரை எழுப்பினார்கள். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டியபடி சாவியோடு வந்தார். இப்ராஹிம் லாரியின் பேட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்தார். மழையில் நனைந்த இணைப்புக் கம்பிகளை முனியாண்டி தம் துண்டால் துடைத்து மாட்டியதும், ஒலிவாங்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

முத்தையா முதலில் தமிழில் சொன்னார். இருட்டில் அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"தோட்டத்து மக்கள் அனைவருக்கும் கிராணி முத்தையா அறிவிப்பது. இங்கே மேகம் மறைத்ததால் நம் கண்ணுக்குப் பிறை தெரியவில்லை. ஆனாலும் நாளை நோன்புப் பெருநாள் என்று அரசாங்கம் இன்று இரவு அறிவித்திருக்கிறது. அறிவிப்பை நானே நகரத்தில் கேட்டேன். ஆகவே நாளையும் நாளை மறுநாளும் தோட்டத்துக்குச் சம்பளத்தோடு விடுமுறை. நாளை பெரட்டு கிடையாது. நாளைக்கு நோன்பு கிடையாது. ஃபித்ரா கட்டாதவர்கள் காலைத் தொழுகைக்கு முன் கட்டிவிடுங்கள்."

பிறகு அதையே மலாயில் இரண்டு முறை சொன்னார், கொங்சியில் இருந்த இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் பங்களாதேஷ் தொழிலாளர்களுக்கும் ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டாம் முறை முடியும்முன் கொங்சிப் பக்கமிருந்து ஆரவாரம் எழுந்தது. லயங்களில் ஒவ்வொன்றாக மெழுகுவத்திகள் ஏறின.

ஒலிவாங்கியை அணைக்கக் கை நீட்டிய முத்தையா, கோயில் வாசலில் ஆயிஷா அக்கா நிற்பதைக் கண்டார். தலையில் முக்காட்டோடு, மழைச் சேற்றில் செருப்பில்லாமல் வந்திருந்தார்.

"பணத்தைக் கட்டிட்டானா தம்பி?"

"கட்டியாச்சு அக்கா. ரசீது அவனிடம் இருக்கு."

அவர் தலையசைத்தார். சிறிது நேரம் அந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா இருந்திருந்தா இப்போதே தேங்காய் உடைக்க உட்கார்ந்திருப்பார்" என்றார். "நீங்களும் வாங்க. நெய்ச்சோற்றுக்கு அரிசி ஊறப் போடணும், வீட்டில் வெளிச்சம் பிடிக்க ஆள் இல்லை."

முத்தையா அலுவலகத்துக்குப் போய், செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைத் திறந்து, மறுநாள் கட்டங்களில் பெயருக்குப் பெயர் விடுமுறை என்று சிவப்பு மையால் குறித்து முடித்தார். பிறகு கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஆயிஷா அக்கா வீட்டை நோக்கி நடந்தார்.