வேப்பிலை டி.என்.ஏ. பிரிப்பு: செய்முறைப் பக்கங்களின் 3 போட்டோக்களைப் பார்த்து எழுதியது (8 மாதிரிகள்)

தொடங்குமுன்: 2% சி.டி.ஏ.பி. பஃபர் 6 மி.லி. எடுத்து 65 டிகிரியில் சூடாக்கவும். பீட்டா-மெர்காப்டோஎத்தனால் 0.2% என்பதால் 12 மைக்ரோலிட்டர், ஃப்யூம் ஹூடுக்குள் சேர்க்கவும்.

1. இளம் இலை 100 மி.கி.யைத் திரவ நைட்ரஜனில் மாவாக அரைக்கவும். உருகவிடாதீர்கள்.

2. பஃபர் 700 மைக்ரோலிட்டர், 65 டிகிரி, 45 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்துக் கலக்கவும். (முதல் போட்டோவில் 65 என்பது 55 போலத் தெரிகிறது, அடுத்த பத்தியில் 65 தெளிவாகவே இருக்கிறது.)

3. ஆறியதும் குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சம அளவு, அதாவது 700 மைக்ரோலிட்டர். மொத்தம் 1.4 மி.லி. ஆகிவிடும், 1.5 மி.லி. குழாயில் கலக்க இடமிருக்காது, 2 மி.லி. குழாயே எடுங்கள். 10 நிமிடம் மெதுவாகக் கவிழ்க்கவும், வோர்டெக்ஸ் வேண்டாம், டி.என்.ஏ. இழை அறுந்துவிடும்.

4. 12,000 ஜி, 10 நிமிடம். ஆர்.பி.எம். அல்ல, கவனம். மேல் அடுக்கில் 500 மைக்ரோலிட்டர் மட்டும் எடுக்கவும். இடையிலுள்ள வெள்ளைப் படலத்தைத் தொடாதீர்கள்.

5. குளிர்ந்த ஐசோபுரோப்பனால் 0.7 மடங்கு: 350 மைக்ரோலிட்டர். மைனஸ் 20 டிகிரியில் 30 நிமிடம்.

6. மறுபடி 12,000 ஜி, 10 நிமிடம். திரவத்தைக் கொட்டிவிட்டு, 70% எத்தனால் 500 மைக்ரோலிட்டரில் கழுவி, 5 நிமிடம் சுழற்றவும்.

7. 10 நிமிடம் காயட்டும். ரொம்பக் காய்ந்தால் கரையாது. டி.இ. பஃபர் 50 மைக்ரோலிட்டர்.

8. ஆர்.என்.ஏஸ் ஏ (10 மி.கி./மி.லி.) 1 மைக்ரோலிட்டர், 37 டிகிரி, 30 நிமிடம். அப்புறம் மைனஸ் 20.