காந்தப்புலம் வேலை செய்யுமா?

கேள்வி: சார், காந்தப்புலம் மின்னூட்டத்தின் மேல் வேலையே செய்யாதுன்னு பிளஸ் டூ பாடத்தில் இருக்கு. ஆனா தேவகோட்டையில் எங்க வீட்டுக் கிணத்து மோட்டார் காந்தத்தாலதானே சுத்துது? அப்போ தண்ணியை ஏத்துறது யாரு?
— மாணவி, தேவகோட்டை

பதில்: பாடம் சரிதாம்மா. F = q v × B என்பதால் விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்து; F·v = 0. வினாடிக்கு 10⁶ மீட்டர் வேகத்தில் 0.01 டெஸ்லா புலத்துக்குள் செங்குத்தாக நுழையும் எலக்ட்ரான் சுமார் 0.57 மி.மீ. ஆரத்தில் வட்டமடிக்கும். திசைதான் மாறும், இயக்க ஆற்றல் அப்படியே இருக்கும்.

கிணற்று ஏசி மோட்டாரின் கணக்கு கொஞ்சம் சுற்றுவழி. பாட்டரி மோட்டாரை எடுத்துக்கொள். சுழலும் கம்பிக்குள் எலக்ட்ரானுக்கு இரண்டு வேகம்: கம்பியோடு சேர்ந்து போவது ஒன்று, கம்பி நெடுக ஓடுவது இன்னொன்று. அதனால் காந்த விசைக்கும் இரண்டு கூறுகள். ஒன்று கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, மற்றது மின்னோட்டத்தைத் தடுக்கிறது. முதல் கூறு செய்யும் வேலையை இரண்டாவது சரியாகக் கழித்துவிடும், கூட்டினால் பூஜ்யம். அந்தத் தடையை மீறி எலக்ட்ரானைத் தள்ளுவது பாட்டரி தரும் மின்புலம். செலவு அதனுடையது, காந்தம் வெறும் தரகர்.

புலம் நேரத்தோடு மாறினால்? அங்கே தூண்டப்பட்ட மின்புலம் பிறக்கிறது, அது தாராளமாக வேலை செய்யும். 1940-இல் டொனால்டு கெர்ஸ்ட் இயக்கிக் காட்டிய பீட்டாட்ரான் எலக்ட்ரான்களை முடுக்கியது இப்படித்தான். அங்கேயும் வேலை மின்புலத்தின் கணக்கில்தான் எழுதணும்.

காந்தம் ஆணியை இழுப்பது மட்டும் தனிக் கதை: எலக்ட்ரானின் தற்சுழற்சிக் காந்தத் திருப்புத்திறனை இந்தச் சூத்திரம் சேர்க்கவில்லை.