கடற்கரைச் சாலையில் அக்காவும் தங்கையும்: ஓவியருக்கான விவரம்

தம்பி, கதையின் முதல் பக்கத்துக்கு இந்த ஒரு படம்தான். ஆறு வருடம் கழித்து ஊர் திரும்பும் தங்கையை அக்கா கட்டிக்கொள்கிறாள். போன முறை வேறொரு கதைக்கு வந்த படத்தில் இரண்டு பேர் கை ஒன்றாக ஒட்டிப்போய், யார் யாரைத் தாங்குகிறார்கள் என்றே தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இடம், புதுச்சேரி கடற்கரைச் சாலை. பின்னால் கருங்கல் பாறைகள், அப்புறம் கடல். நேரம் மாலை நான்கு மணி. விடியற்காலை வேண்டாம், அங்கே சூரியன் கடலிலிருந்து எழும், இருவரும் ஒரே கறுப்பு உருவமாகிவிடுவார்கள். மாலையில் வெயில் நம் பக்கத்திலிருந்து அவர்கள்மேல் விழும்.

இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் பார்த்து நிற்கிறாள். மஞ்சள் ரவிக்கை, அரைக்கை, வலக்கையில் நான்கு கண்ணாடி வளையல். எதிரே தங்கை, கருநீல முழுக்கை குர்தா, இடது மணிக்கட்டில் கடிகாரம், முதுகில் ஒற்றைப் பின்னல். தங்கையின் முதுகு கொஞ்சம் தெரிகிற கோணத்தில் பார்க்கிறோம்.

தங்கையின் தலை நம் பக்கம். அவள் முகவாய் அக்காவின் வலது தோள்மேல். வலது கன்னம் வலது கன்னத்தைத் தொடுகிறது. அக்கா முகத்தில் நெற்றியும் மூடிய ஒரு கண்ணும் தெரிந்தால் போதும்.

இனி கைகள். நமக்கு மிக அருகில் இருப்பது அக்காவின் வலக்கை. அது தங்கையின் இடது தோளுக்கு மேலாகப் போய் முதுகில் இறங்குகிறது. உள்ளங்கை இடது தோள்பட்டை எலும்பின்மேல், விரல் நுனிகள் பின்னலைத் தொட்டபடி. ஐந்து விரலும் தெரியட்டும். அழுத்தத்தில் குர்தா துணி விரல்களைச் சுற்றிச் சுருங்கியிருக்கும்.

தங்கையின் இடக்கை அதற்குக் கீழே. தோள் அக்காவின் கையால் மறைந்திருக்கும்; நீலச் சட்டைக்கை அக்காவின் அக்குளுக்கு அடியில் வெளிப்பட்டு, விலாவை ஒட்டி முதுகுப்பக்கம் போகும். முழங்கை முழுதாகத் தெரியும். கடிகாரத்தோடு கை நின்றுவிடும், உள்ளங்கை அக்காவின் உடலுக்கு அப்பால். மஞ்சளும் நீலமும் சந்திக்கிற இடத்தில் அக்கா கையின் நிழல் நீலத்தின்மேல் ஒரு மெல்லிய கோடாக விழ வேண்டும். இரண்டையும் பிரிப்பது அந்தக் கோடுதான்.

அக்காவின் இடக்கை அந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது: தங்கையின் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் ஓரத்தில் நான்கு விரல் நுனிகள் மட்டும். தங்கையின் வலக்கை இரண்டு தலைக்கும் பின்னால் முழுக்க மறைந்துவிடுகிறது. அதை வரையவே வேண்டாம், ஒரு விரல்கூட.

நெஞ்சும் தோளும் ஒட்டியிருக்கின்றன. இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி, அதன் வழியாகக் கடல் தெரியட்டும். அக்காவின் பாதங்கள் தரையில் ஊன்றி நிற்கின்றன. தங்கை கொஞ்சம் குட்டை, அதனால் இரண்டு குதிகாலும் செருப்பைவிட்டு எழும்பியிருக்கும்.