பொருள்: அரையாண்டு நிலவரம் – உங்கள் இலக்குகள் குறித்து

வணக்கம் கவிதா,

ஆண்டில் பாதி ஓடிவிட்டது. ஜனவரியில் நாம் பேசி வைத்த இலக்குகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளவே இந்த மின்னஞ்சல். இது மதிப்பீடு அல்ல, மதிப்பெண்ணும் கிடையாது.

வாடிக்கையாளர் உதவிப் பக்கங்களைத் திருத்தி எழுதும் வேலையில் எவை முடிந்தன, எவை பாதியில் நிற்கின்றன? புதியவர்களுக்கான பயிற்சிக் கையேடு பற்றி ஓரிரு வரி போதும்.

தடைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுங்கள். தொழில்நுட்பக் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறதா? இடையில் வந்து சேரும் அவசர வேலைகள் நேரத்தைத் தின்கின்றனவா? ஜனவரியில் சரியெனப் பட்ட இலக்கு இன்று பொருந்தவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். நான் யாரிடமாவது பேசினால் வேலை நகரும் என்றால், யாரிடம் என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

அறிக்கை மாதிரி வேண்டாம், மனதில் பட்டதை எழுதினால் போதும். ஜூலை 10-க்குள் பதில் கிடைத்தால், அதற்கடுத்த வாரம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசலாம். புதன் காலை உங்களுக்கு வசதிப்படுமா?

மே மாதம் நீங்கள் திருத்திய கட்டணப் பக்கம் மிகத் தெளிவாக இருந்தது; அப்போதே சொல்ல நினைத்தேன்.

அன்புடன்,
இளங்கோ